டைப் 1 மூட்டையும் ஒரு கடிதமும்

கோவை சரவணம்பட்டிப் பக்கம் கட்டி முடியும் தறுவாயில் இருந்த ஒரு வீட்டுக்கு, டைல்ஸ் ஒட்டும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். குளியலறைச் சுவருக்கு இரண்டடிக்கு நாலடி விட்ரிஃபைட் டைல்ஸ். ஒன்றின் எடை ஏறக்குறைய 15 கிலோ. மேஸ்திரி பல் வைத்த கரண்டியால் சுவரில் பசையை வரிவரியாக இழுத்தார். டைல்ஸின் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடுத்த பிறகே தூக்கி ஒட்டினார். அவர் கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூலையில் கிடந்த காலி மூட்டையில் 'ஐஎஸ் 15477, டைப் 1' என்று அச்சிட்டிருந்தது. வீட்டுக்காரரின் ஒப்பந்தத்தில் இருப்பதோ டைப் 3.

விலை வித்தியாசம் பெரிது, காரணமும் உண்டு. சாதாரண செராமிக் டைல்ஸின் முதுகு நீரை உறிஞ்சும். சிமெண்ட் அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சும் நீர் அரை சதவீதத்தைத் தாண்டாது. அதில் சிமெண்ட் இறங்க இடமில்லை; பசையில் கலந்துள்ள பாலிமர்தான் ஒட்ட வேண்டும். டைப் 1-இல் அது குறைவு.

"காண்ட்ராக்டர் இறக்குறதைத்தான் சார் குழைக்கிறோம். நாளைக்குக் கழண்டா, ஒட்டுனவன் சரியில்லைம்பாங்க" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதில் மிகையில்லை. பசையைத் தேர்ந்தெடுப்பது அவர் இல்லை, பழி மட்டும் அவருக்கு.

வீட்டுக்காரர் அன்று மாலையே காண்ட்ராக்டருக்குக் கடிதம் எழுதினார்:

"ஒப்பந்தத்தில் டைப் 3 என்றிருக்க, டைப் 1 பயன்படுத்தியது ஏன்? எந்தெந்தச் சுவரில், எத்தனை மூட்டை? வாங்கிய பில், மூட்டையின் பேட்ச் எண், தயாரிப்பாளரின் தொழில்நுட்ப விவரத்தாள் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். பதில் வரும்வரை அடுத்த குளியலறை வேலையை நிறுத்திவைக்கவும்."

குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. விவரத்தாளைக் கேட்டதுதான் இதில் முக்கியம். ஒட்டிய டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பசை இல்லாத பொள்ளல் தெரியுமே தவிர, எந்த வகைப் பசை என்பது தெரியாது. முழுதாகப் பரவிய டைப் 1-உம் தட்டினால் கெட்டியாகத்தான் ஒலிக்கும். பல மாதம் வெந்நீர்ச் சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்ட பின்பே பிடி தளரும்.

கடையில் டைப் 3 இருப்பு இல்லாததால் மாற்றியதாகக் காண்ட்ராக்டர் பதில் எழுதினார். கூடவே வந்த விவரத்தாளில், செராமிக் டைல்ஸ், உட்புறத் தரை என்று மட்டுமே பயன்பாடு குறிப்பிட்டிருந்தது. பசை நன்றாக இறுகிய பின், எல்லோர் முன்னிலையிலும் ஒரு டைல்ஸை நெம்பினார்கள். அது உடையாமல் முழுதாகக் கழன்றது. பசை மொத்தமும் கரண்டி வரிகளோடு சுவரிலேயே நின்றது. டைல்ஸின் முதுகு ஏறக்குறைய சுத்தமாக இருந்தது.

அந்தச் சுவர்களைத் தன் செலவில் மறுபடி ஒட்டித்தரக் காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். மேஸ்திரிக்கு அந்த நாள்களுக்கும் முழுக்கூலி தர வேண்டும் என்று வீட்டுக்காரர் எழுதி வாங்கிக்கொண்டார்.