ஒரே படம், இரு வேறு கறுப்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் மேசைகளில், டைம்லைன் விரிந்திருக்கும் முதன்மைத் திரைக்குப் பக்கத்தில் படத்தை மட்டும் முழுத்திரையில் காட்டும் மற்றொரு மானிட்டரை வைத்தவுடன், ஒன்றில் அரக்கு நிறமாகத் தெரியும் பட்டுச்சேலை மற்றொன்றில் வெளிறித் தெரிவதன் காரணம் திரையில் மட்டும் இருப்பதில்லை. அது இந்த ஏற்பாட்டின் வரலாற்றிலும் இருக்கிறது.

டேப்பில் தொகுத்த காலத்தில் ஓடும் கருவிக்கு ஒன்றும் பதியும் கருவிக்கு ஒன்றுமாக இரு மானிட்டர்கள் இயல்பாகவே இருந்தன. 1989இல் அறிமுகமான ஏவிட், தொகுப்பைக் கணினிக்குள் கொண்டுவந்தபோது படம் ஒரு சிறு சாளரத்துக்குள் சுருங்கியது. இந்தியத் திரையுலகில் அம்முறைக்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது 1994இல் வெளிவந்த ‘மகாநதி’. அப்போதும் கணினித் திரைக்கு அருகில் ஒரு தொலைக்காட்சி மானிட்டர் தனியே வைக்கப்பட்டது. ஏனெனில் கணினித் திரை வேலைக்கான கருவியாகவும், தொலைக்காட்சி மானிட்டர் பார்வையாளர் காணப்போகும் படத்துக்குச் சான்றாகவும் கருதப்பட்டன. இன்று பிரீமியரில் Preferences பட்டியலின் Playback பகுதியில் `Enable Mercury Transmit` என்பதைத் தேர்ந்து இரண்டாம் திரையைக் குறித்தால் கிடைக்கும் முழுத்திரைப் படம் அந்த மானிட்டரின் வாரிசே.

நிற வேறுபாட்டின் முதல் வேரும் இந்தத் தொலைக்காட்சி மரபிலேயே கிடைக்கிறது. கணினி தன் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணுகிறது. தொலைக்காட்சியோ கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் வைத்து, இரு புறமும் சிறிது இடம் விட்டு வைக்கிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு முனை ஒரு கணக்கிலும் மறுமுனை மற்றொன்றிலும் இருந்தால், கறுப்பு சாம்பலாகவோ நிழற்பகுதிகள் ஒரே கறுப்பாகவோ மாறிவிடும். இதைக் கண்டறிய 0, 5, 10 ஆகிய மதிப்புகளில் மூன்று பட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். மூன்றும் ஒன்றாகிவிட்டால், கணினி முழு அளவில் அனுப்புவதை மானிட்டர் 16இலிருந்து தொடங்குவதாக வாசிக்கிறது. பட்டைகள் பிரிந்து தெரிந்தும் 0 பட்டையே சாம்பலாக இருந்தால் பிழை மறுதிசையில் இருக்கக்கூடும். என்விடியா கார்டில் `Output dynamic range` என்ற அமைப்பையும் மானிட்டரின் கறுப்பு அளவையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். இந்தப் பிழையை ‘பிரைட்னஸ்’ திருகிச் சரிசெய்ய முயன்றால் ஒன்று சரியாகி மற்றொன்று கெடும்.

அடுத்தது, காமா எனப்படும் ஒளி வளைவு, அதாவது எண் கூடும்போது ஒளி எந்த விகிதத்தில் கூடுகிறது என்பது. பழைய படக்குழாயின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டு, தொலைக்காட்சிக்கான 2.4 வளைவை 2011இல் பி.டி.1886 என்ற பன்னாட்டுப் பரிந்துரை வரையறுத்தது. கணினி மானிட்டர்கள் பெரும்பாலும் 2.2 வளைவில் இருக்கின்றன. உச்ச ஒளி 100 நிட்ஸ் என்று கொண்டால் (நிட்ஸ் என்பது திரை ஒளியின் அலகு), பாதி அளவுச் சமிக்ஞை 2.2இல் ஏறத்தாழ 22 நிட்ஸும் 2.4இல் 19 நிட்ஸும் தரும். மண்டபத்து விளக்கில் நிற்கும் மணமகளின் முகம் ஒரு திரையில் சற்றே கறுத்துத் தெரிவது இந்த மூன்று நிட்ஸ் வேறுபாட்டால்தான். ஆகவே இரண்டுக்கும் ஒரே வளைவையும் ஒரே உச்ச ஒளியையும் முதலில் நிறுவ வேண்டும்.

இறுதியில் எஞ்சுவது வெள்ளை. டி65 எனப்படும், சுமார் 6500 கெல்வின் பகலொளி வெள்ளைக்கு இரு திரைகளையும் நிறமானி கொண்டு அமைத்து, எண்கள் ஒத்துப்போன பின்னும் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று இளஞ்சிவப்பாகவும் கண்ணுக்குத் தோன்றலாம். படக்குழாய்க் காலத்தில் இந்தச் சிக்கல் குறைவு. இரு மானிட்டர்களும் ஏறத்தாழ ஒரே வகைப் பாஸ்பர் பொடியால் ஒளிர்ந்ததால், மானி ஒத்தால் கண்ணும் ஒத்தது. இப்போதோ ஒரு திரை நீல எல்.ஈ.டி.யில் மஞ்சள் பாஸ்பர் பூசிப் பெற்ற வெள்ளையையும், மற்றொன்று ஓ.எல்.ஈ.டி.யின் வேறு கலவையையும் தருவதால், ஒரே எண்ணை அடையும் ஒளிகள் கண்ணில் வேறுபடுகின்றன. எனவே அறை விளக்கை அணைத்து, இரு திரைகளிலும் வெறும் வெள்ளையைப் பரப்பி, சான்றாகக் கொண்ட திரையைத் தொடாமல், மற்றதன் சிவப்பு, பச்சை, நீல அளவுகளில் மிகுந்து தெரிவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கண்ணால் பொருத்த வேண்டும். கறுப்பை அமைப்புகளிடமும் வளைவை மானியிடமும் விட்டுவிடலாம், வெள்ளையை மட்டும் கண்ணே தீர்க்க வேண்டியிருக்கிறது.