முட்டி போடும் பெண்

மகளின் ஸ்கூல் டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. ‘வகுப்பில் ஒழுங்காக உட்காருவதில்லை. பெஞ்ச்சில் முட்டி போட்டுக்கொண்டு எழுதுகிறாள். கண்டிக்கவும்.’

ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறாள். கண்டிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டேன். “உட்கார்ந்தா நோட்டு தெரியலப்பா” என்றாள்.

பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகும்போது சட்டைப் பையில் இஞ்ச் டேப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பெஞ்ச்சின் உயரம் 43 சென்டிமீட்டர். டெஸ்க் 74. வீட்டுக்கு வந்து அவளை அளந்தேன். உயரம் 115. ஷூ போட்டு நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை அளந்தால் 30. உட்காரும் பலகையிலிருந்து மடக்கிய முழங்கை வரை 17.

கணக்கு சுலபம். கால் 30, பெஞ்ச் 43. பாதம் அந்தரத்தில் தொங்கும். பெஞ்ச்சின் விளிம்பு தொடையை அழுத்தும். பெஞ்ச்சுக்கு மேல் டெஸ்க் 31 சென்டிமீட்டர் நிற்கிறது. முழங்கையோ 17-ல் இருக்கிறது. தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுத வேண்டும். காலை மடித்து முட்டி போட்டால் முழங்கை டெஸ்க் மட்டத்துக்கு வந்துவிடும். அவள் ஒழுங்கீனம் பண்ணவில்லை. தச்சர் செய்யத் தவறியதை முட்டி போட்டுச் சரிசெய்திருக்கிறாள்!

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘மதிப்பிற்குரிய பிரின்ஸிபால் அவர்களுக்கு, பள்ளி மேசை நாற்காலிகளுக்கென்று நம் நாட்டிலேயே ஐ.எஸ். 4837 என்று ஒரு தரம் இருக்கிறது. ஐரோப்பாவின் இ.என். 1729 தரத்தில், 108 முதல் 121 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள குழந்தைக்கு இருக்கை 31, மேசை 53 என்று போட்டிருக்கிறார்கள். நம் வகுப்பில் இருக்கும் 43 சென்டிமீட்டர் இருக்கை, அதே பட்டியலில் 146 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டுமாவது அளவை மாற்ற முடியுமா?’

பிரின்ஸிபால் மேடம் கூப்பிட்டுப் பேசினார். “வளர்ற பிள்ளைங்கதானே சார், சரியாப் போயிடும்.”

“போயிடும் மேடம். ஏழாவது எட்டாவது வரும்போது.”

சிரித்துவிட்டார். எல்லா வகுப்புக்கும் ஒரே அளவில் ஆர்டர் கொடுத்தால் விலை படியும். எந்த பெஞ்ச்சையும் எந்த ரூமுக்கும் மாற்றலாம். காரணம் அதுதான். நான் பி.காம். படித்தவன், அந்த நியாயம் புரிந்தது. புதிதாக வாங்க வேண்டாம், இருக்கும் மர பெஞ்ச்சின் காலை அறுத்தால் போதும் என்றேன். சம்மதித்தார்.

அடுத்த வாரம் மகள் சொன்னாள்: “அப்பா, இப்ப டெஸ்க் தாவாங்கட்டையில இடிக்குது!”

போய்ப் பார்த்தால், ஆசாரி பெஞ்ச்சை மட்டும் 12 சென்டிமீட்டர் அறுத்திருந்தார். டெஸ்க்கைத் தொடவே இல்லை. இரண்டுக்கும் நடுவே 31 ஆக இருந்த இடைவெளி 43 ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். இரண்டு உயரத்தையும் எழுதினேனே தவிர, இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று எழுதவில்லை. முக்கியமான அளவு இந்த இடைவெளிதான். இந்த உயரக் குழந்தைக்கு அது 22 இருந்தால் போதும். முழங்கை உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். எழுதும்போது கை முன்னால் நீள்வதால் முழங்கையும் சற்று மேலே வரும்.

டெஸ்க்கில் 21 சென்டிமீட்டர் அறுக்க வேண்டும் என்றதும் ஆசாரி இன்னொரு சிக்கலைக் காட்டினார். டெஸ்க்குக்கு அடியில் புத்தகம் வைக்க ஒரு தட்டு இருக்கிறது. அது மேல்பலகையிலிருந்து 12 சென்டிமீட்டர் கீழே. அறுத்த பிறகு அந்தத் தட்டுக்கும் பெஞ்ச்சுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். தொடை நுழையும், அசைய முடியாது. “தட்டை எடுத்துரலாம் சார், பையை மாட்டப் பக்கத்துல ஒரு கொக்கி போட்டுடறேன்” என்றார். அது எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் அறுக்கவும் இல்லை. அதே வகுப்பில் 125 சென்டிமீட்டருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கை 35, மேசை 59 என்று பின்வரிசை மட்டும் தனி அளவு. கிளாஸ் மிஸ் ஒரு நாள் எல்லோரையும் நடந்து பார்த்தார். பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைகிறதா, தோள் தூக்காமல் கை டெஸ்க்கில் படிகிறதா. பொருந்தாதவர்களை வரிசை மாற்றி உட்காரவைத்தார். டேப் தேவைப்படவில்லை.

டைரியில் அப்புறம் அந்தக் குறிப்பு வரவில்லை. ஆனால் போன வாரம் மகளை மறுபடி அளந்தேன். 119. இன்னும் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தால் அவளும் பின்வரிசைக்குப் போக வேண்டும். அதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. பக்கத்து சீட்டில் இருக்கும் ஃப்ரெண்டின் உயரம் 112-தானாம்.