கொட்டாஞ்சேனைக் கட்டுரையைக் கூறுபோட்ட மேசை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடிவீட்டில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். நீண்ட கட்டுரைகளை மின்னஞ்சல் மடல்களாகவும் முகநூல் பதிவுகளாகவும் காணொளியாகவும் மாற்றிக்கொடுப்பது அவர்கள் தொழில். நான் போனபோது மேசையில் இருந்தது 1883 கொட்டாஞ்சேனைக் கலவரம் பற்றிய கட்டுரை.

அவ்வாண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் கொட்டாஞ்சேனை விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் முறைப்பாட்டுடன் 1884இல் பிரம்மஞான சங்கத் தலைவர் ஒல்கொட் லண்டன் போனார். 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. அதே வெசாக்கில் அந்த விகாரையில் பௌத்தக் கொடியும் ஏற்றப்பட்டது.

ஆசிரியை கட்டுரையை அச்செடுத்துப் பந்தி பந்தியாக நிறமிடுகிறார். தனியே நிற்கக்கூடியதற்குப் பச்சை. முன்பந்தி இல்லாவிட்டால் பொருள் திரியக்கூடியதற்குச் சிவப்பு. பச்சையிலிருந்து மட்டுமே பதிவு எடுக்கலாம். சிவப்பெல்லாம் மடலுக்கு, ஏனென்றால் விளக்கத்துக்கு அங்கேதான் இடமுண்டு. கலவரம் ஒரு மடல், லண்டன் பயணம் அடுத்தது, விடுமுறையும் கொடியும் கடைசி.

எழுதிய பதிவொன்றை அவர் தன் கைபேசியில் காட்டினார்: "கிறிஸ்துவைக் கேலிசெய்யும் உருவங்கள் ஊர்வலத்தில் கொண்டுவரப்படுவதாக…" அதற்கு மேல் தெரியவில்லை, 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் "வதந்தி பரவியிருந்தது" என்று வருகிறது.

"எங்கட வசனத்தில முக்கியமானது கடைசியிலதானே வரும். அழுத்தாமல் போறவருக்கு வதந்தி செய்தியாகிடும்" என்றார். வசனத்தைத் திருப்பினார்: "ஒரு வதந்தி பரவியது: ஊர்வலத்தில்…" ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அடுத்தவர் படம்பிடித்துப் பகிர்ந்தால் முதல் வரியை வெட்டிவிடலாமே. அந்தப் பந்திக்குச் சிவப்பு அடித்தார்.

காணொளிக்கு எழுதும் தம்பிக்குச் சிக்கல் வேறு. நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போனால் குரல் கொடுப்பவருக்கு மூச்சு முட்டும். அதனால் நீண்ட வசனங்களை உடைக்கிறார்: "1884. ஒல்கொட் லண்டன் போகிறார். 1885. வெசாக் விடுமுறை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடைத்ததில் காரணம் கழன்றுவிட்டது. பயணத்துக்கும் விடுமுறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆசிரியை அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். தம்பி வாசித்துப் பார்த்து, நடுவில் "அந்த முறைப்பாட்டின் பலனாக" என்பதைச் சேர்த்தார். இரண்டு வினாடி கூடியது. அதற்காகக் கடற்கரைக் காட்சி ஒன்றை வெட்டினார்கள்.

கடைசியில், தாக்குதலைப் பற்றி ஒரு குறும்பதிவும் போடுவதில்லை என்று முடிவாயிற்று. அது முதல் மடலில் மட்டும், முன்கதையும் பின்கதையும் சேர்த்து வரும். அதிகம் பகிரப்படக்கூடிய பகுதி அதுதான் என்று தெரிந்தே விட்டார்கள். இரு சமயத்தவரும் இன்றும் அயலவராக வாழும் கொட்டாஞ்சேனையைப் பற்றி எழுதும்போது, அதுவே சரியான முடிவு என்பது என் எண்ணம்.