படத்தை நம்புமுன் ஐந்து படிகள்

மழை பெருகுங் காலத்தில் நமது கைத்தொலைபேசிகளிலும் படங்கள் வெள்ளமாய் வந்து சேர்கின்றன. மூழ்கிய வீதியிற் சுறாவொன்று நீந்தும் படத்தை நேயர்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். 2011 இல் ஐரீன் புயலின்போது அது புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் தெருவெனப்பட்டது. 2017 இல் ஹார்வி புயல் வீசியதும் அதே சுறா ஹூஸ்டன் நகரத்துப் பெருந்தெருவுக்கு வந்துவிட்டது! அதனையே எடுத்துக்கொண்டு, புதிதாய்ப் பழகுவோர்க்கான சோதனையை நடத்திப் பார்ப்போம்.

முதற்படி, பிறருக்கு அனுப்பாமல் நிறுத்தி, படத்தின் மேலுள்ள குறியைக் காண்பது. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் Forwarded many times என்றிருப்பின், அது ஐந்து கைகளேனும் மாறி வந்தது. அனுப்பிய உறவினர் அதனை எடுத்தவரல்லர்.

இரண்டாவதாக, படத்தை விரித்துப் பெயர்ப்பலகை, வாகன இலக்கத்தகடு ஆகியவற்றை நோக்குவோம். நம் நாட்டு வீதியென்று சொல்லப்படும் படத்தில் வாகனங்கள் வலப்பக்கமாய் ஓடினால், அங்கேயே வழக்கு முடிந்தது.

மூன்றாம் படியே உயிர்நாடி. படத்தைச் சேமித்து, கூகுள் தேடற்பெட்டியின் ஓரத்திலுள்ள கமராக் குறியைத் தொட்டு, அப்படத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். முழுப் படத்தையும் தேடினால், பெரும்பாலும் அதே பொய்ப்படத்தின் பிரதிகளே அகப்படும். ஆதலின், படத்தைச் சூழத் தோன்றும் சட்டத்தின் மூலைகளை இழுத்து, சுறாவை மாத்திரம் அடக்கி மீண்டும் தேடுக. ஒட்டப்பட்ட துண்டின் பிறப்பிடம் இவ்வாறுதான் வெளிப்படும்.

நான்காவது, அகப்பட்டவற்றுள் மிகப் பழையதைக் கண்டு ஒப்பிடுதல். tineye.com என்னுந் தளத்தில் Oldest என்பதைத் தெரிவு செய்தால், அத்தளம் முதன்முதலிற் கண்ட பிரதி முன்னே வரும். நமது சுறாவின் மூலம் 2003 இல் தோமஸ் பெஷாக் என்பவர் தென்னாபிரிக்கக் கடலில் எடுத்த படம். அதில் அச்சுறா, சிறு படகொன்றில் துடுப்பு வலித்துச் செல்லும் ஒருவரைப் பின்தொடர்கிறது. படகையும் மனிதரையும் நீக்கிவிட்டு, சுறாவை மட்டும் வெட்டி வீதியில் ஒட்டியிருக்கின்றனர். உடலின் சாய்வும் துடுப்பின் நிலையும் இரு படங்களிலும் ஒன்றே.

(படக்கோப்பினுள் எடுத்த திகதி பதிந்திருக்குமே என்று சிலர் தேடுவர். வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாய் அனுப்பப்படும் படத்தில் அவ்விபரம் நீக்கப்பட்டுவிடுகிறது, வீண் முயற்சி.)

ஐந்தாவது, படத்தை விட்டுச் செய்தியைத் தேடுவது. ஊர்ப்பெயரையும் நிகழ்ச்சியையும் தட்டச்சுச் செய்து, அவ்விடத்துப் பத்திரிகைகள் கூறுவதைப் பார்ப்பதோடு, அனுப்பியவரிடம், "இது நீங்கள் எடுத்ததா, உங்களுக்கு வந்ததா?" என்றும் கேட்கலாம்.

ஒன்று கவனிக்க: தேடியும் பழைய பிரதி அகப்படாவிடின், படம் மெய்யென்று ஆகிவிடாது. கணினியே புதிதாய் வரைந்த படத்துக்கு மூலப் புகைப்படம் ஏது? அத்தகைய படத்துக்கு ஐந்தாம் படி மாத்திரமே துணை. அதிலும் விடை கிடையாவிட்டால், நாம் அதனை வேறெவருக்கும் அனுப்புவதில்லை.