இருட்டில் சிரிக்கும் அம்மாச்சி

வளைகாப்பு, காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த எந்தப் படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் பளிச்சென்று இருப்பார். பின்னால் இருக்கும் சொந்தபந்தம் மொத்தமும் இருட்டுக்குள் போயிருக்கும். அக்காவின் வளைகாப்புப் படமும் அப்படித்தான். பெரியம்மா வளையல் போடுகிறார், அக்கா வெட்கப்படுகிறாள், இரண்டு பேருமே அழகாக விழுந்திருக்கிறார்கள். பின்சுவரோரம் நாற்காலியில் கறுப்பாக ஓர் உருவம். உற்றுப் பார்த்தால்தான் அது அம்மாச்சி என்று தெரியும், அவர் சிரிப்பதும் தெரியும். நான்கு மாதம் கழித்து அம்மாச்சி தவறிப்போனார். எங்களிடம் இருக்கும் மற்ற படங்களில் எல்லாம் ஆதார் கார்டுக்குப் போஸ் கொடுப்பது போல விறைப்பாகத்தான் இருக்கிறார்.

"அம்மா மூஞ்சியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாடி" என்று பெரியம்மா அந்தப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு வீட்டிலிருந்து வரும் அசைன்மென்ட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதலில், ஏன் இருட்டு என்று பார்த்துவிடலாம். ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப்போகப் படுவேகமாகக் குறையும். அக்கா கேமராவிலிருந்து 5 அடியில் இருந்தாள், அம்மாச்சி 15 அடியில். தூரம் 3 மடங்கு, ஆனால் போய்ச் சேர்ந்த வெளிச்சம் 9-ல் ஒரு பங்கு. போட்டோகிராபர்கள் கணக்கில் இது சுமார் 3 ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது. சுருக்கி அனுப்பும்போது முதலில் அடிபடுவது இருட்டான பகுதிதான். அங்கே வெளிச்சத்தை ஏற்றினால் முகத்துக்குப் பதிலாகச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள்தான் வரும். அதனால் படம் எடுத்த ஸ்டூடியோ அண்ணனிடம் ரா ஃபைல் கேட்டேன். நல்லவேளை, அழிக்காமல் வைத்திருந்தார். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. இருட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் அங்கே பத்திரமாக இருக்கும்.

போனில் லைட்ரூம் செயலியில் ரா ஃபைலைத் திறந்தேன். இந்த வேலைக்குச் சந்தா கட்ட வேண்டும். படம் முழுக்க வெளிச்சத்தை ஏற்றினால் அக்கா முகம் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும். அதற்குத்தான் மாஸ்க். எந்த இடத்தில் மாற்றம் வேண்டும், எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று பிரித்துக் காட்டும் திரை இது. Masking போய் Select Subject அழுத்தினால் முன்னால் இருப்பவர்களைச் செயலியே கண்டுபிடித்துச் சிவப்பாகப் பூசிக் காட்டும். அடுத்து Invert. இப்போது சிவப்பு, பின்னணிக்கு மாறிவிடும்.

இங்கேயே அவசரப்பட்டு வெளிச்சத்தை ஏற்ற வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை ஒரு சுற்று பாருங்கள். அக்கா தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தின் இடைவெளிகள், காதோர முடி, பெரியம்மாவின் முழங்கை என்று செயலி தடுமாறும் இடங்கள் இவைதான். சிவப்பு கொஞ்சம் முடிமேல் ஏறியிருந்தாலும், பின்னணியை ஏற்றும்போது தலையைச் சுற்றி சாமி படத்து ஒளிவட்டம் போல ஒரு கோடு வந்துவிடும். Subtract போய், ஓரம் மெத்தென்று இருக்கும் பிரஷ்ஷால் அந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

பின்னணிக்குக் குறைந்த வெளிச்சம் 3 ஸ்டாப் என்றால் மூன்றையும் திருப்பிக் கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுத்துப் பாருங்கள், அக்காவையும் பெரியம்மாவையும் வெட்டி வேறு படத்தில் ஒட்டியது போல இருக்கும். பின்னால் இருப்பவர் கொஞ்சம் மங்கலாக இருப்பதுதான் கண்ணுக்குப் பழக்கம். அதனால் Exposure +1.8-ல் நிறுத்தினேன். ஏற்றியதும் சுவர் மஞ்சளாகத் தெரிந்தது. முன்னால் ஃபிளாஷின் வெள்ளை வெளிச்சம், பின்னால் குண்டு பல்பு. Temp-ஐ நீலத்தின் பக்கம் லேசாகத் தள்ளினேன். மஞ்சளை முழுக்க எடுக்கவில்லை, அது அந்த வீட்டு வெளிச்சம். நாற்காலிக்கு அடியிலும் கதவு மூலையிலும் பார்க்க ஒன்றுமில்லை என்பதால் Blacks-ஐக் கொஞ்சம் இறக்கி அங்கே இருட்டை இருட்டாகவே விட்டேன்.

பிறகு அம்மாச்சியின் முகத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் இன்னொரு சின்ன மாஸ்க். அதில் +0.4. இப்போது சிரிப்பு தெளிவாகத் தெரிந்தது, கூடவே புள்ளிகளும். ISO 800-ல் எடுத்த படத்தில் 2 ஸ்டாப் ஏற்றினால், அந்த இடத்தில் ISO 3200-ல் எடுத்த அளவுக்குப் புள்ளிகள் வரும். வெளிச்சத்தை முடித்துவிட்டு நாய்ஸுக்கு வருவது அதனால்தான். ஏற்றும்வரை எவ்வளவு புள்ளி இருக்கிறது என்றே தெரியாது.

புள்ளிகளில் இரண்டு ரகம். சிவப்பும் பச்சையுமாக இறைந்து கிடப்பது நிற நாய்ஸ். அதைக் குறைக்கும் Color Noise Reduction படம் முழுவதற்கும் பொதுவானது. ரா ஃபைலுக்குச் செயலியே 25 வைத்திருக்கும், நான் 40 வரை போனேன். அதற்கு மேல் அம்மாச்சி சேலையின் மெல்லிய சிவப்பு பார்டர் சாயம் போனது போல வெளிறியது.

இன்னொன்று ரவை தூவியது போன்ற மணல் புள்ளி. இதற்கான Noise, மாஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. பின்னணியில் மட்டும் குறைக்கலாம், அக்காவின் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. எந்த எண்ணில் நிறுத்துவது என்பதை எனக்குச் சொன்னது அம்மாச்சியின் மூக்குத்தி. ஃபிளாஷ் பட்டு ஒற்றைப் புள்ளியாக அது மின்னிக்கொண்டிருந்தது. Noise 50 வைத்தால் அதையும் ஒரு புள்ளி என்று நினைத்துச் செயலி அழித்துவிடும். கன்னத்துச் சுருக்கங்களும் மெழுகு போல வழவழப்பாகிவிடும். 28-ல் மூக்குத்தி இருந்தது, சுருக்கமும் இருந்தது, மணல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை நான் தொடவில்லை. பின்னணி மாஸ்க்கில் Sharpness-ஐ மட்டும் −20 ஆக்கினேன். இல்லையென்றால் அடக்கிய புள்ளிகளையே அது கூர்தீட்டி எழுப்பிவிடும்.

"அம்மாவை மட்டும் தனியா வெட்டிப் பெருசாப் போட்டு மாட்டலாமா?" என்றார் பெரியம்மா. முழுப் படம் 6,000 பிக்சல் அகலம். அதில் அம்மாச்சி சுமார் 900 பிக்சல் உயரம்தான். 3 அங்குல உயரம் வரை தெளிவாக பிரின்ட் வரும், சுவரில் மாட்டும் அளவுக்கு இழுத்தால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும். அதனால் முழுப் படத்தையும் 8-க்கு 12 அங்குலத்தில் மேட் தாளில் போட்டோம். போன் திரையைவிடத் தாளில் படம் இருண்டு வரும் என்பதால், அனுப்புமுன் Exposure-ஐ மொத்தமாக +0.3 ஏற்றியிருந்தேன். அம்மாச்சி மட்டும் இருக்கும் 3 அங்குலப் படம் பெரியம்மாவின் பர்ஸுக்குள் போனது.

பிரின்ட்டைக் கையில் வாங்கியதும் பெரியம்மா கேட்டது வேறு. "கையில என்னடி வச்சிருக்காங்க?" அம்மாச்சியின் மடியில், பெரியம்மாவின் நிழல் விழுந்த இடம் அது. Exposure-ஐக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தாலும் அங்கே வெறும் கலர் புள்ளிகள்தான். சென்ஸாரில் வெளிச்சமே பதியாத இடத்திலிருந்து எந்த மாஸ்க்கும் எதையும் எடுத்துத் தராது. வெத்தலைப் பெட்டி என்கிறார் பெரியம்மா. இல்லை, சுருக்குப் பை என்கிறார் என் அம்மா.