ஆறும் நூறும் தங்கமணியும்

தங்கமணிக்கு இப்பதான் கிரிக்கெட் மேல ஆசை வந்திருக்கு. போன ஞாயித்துக்கிழமை 2011 உலகக்கோப்பை ஃபைனல் ஸ்கோர்கார்டைத் திறந்து வச்சிக்கிட்டு, "ஏங்க, தோனி 115, கம்பீர் 79ன்னு போட்டிருக்கு. ஆனா ரன்ன பாத்தா கம்பீர்தானே ஜாஸ்தி?"ன்னு கேட்டாங்க.

நியாயமான கேள்வி. ரன் ரேட்டும் எகானமி ரேட்டும் ஓவருக்கு, அதாவது ஆறு பந்துக்கு எத்தனை ரன் என்பது. முதலாவது அணிக்கு, ரெண்டாவது பவுலருக்கு. பேட்ஸ்மேனோட ஸ்டிரைக் ரேட் மட்டும் நூறு பந்துக்குக் கணக்கு. தோனி 79 பந்தில் 91, அதனால 115.18. கம்பீர் 122 பந்தில் 97, அதனால 79.50. மூணையும் ஒரே தராசுல வைக்கணும்னா ஸ்டிரைக் ரேட்டை நூறால வகுத்து ஆறால பெருக்குங்க. தோனி ஓவருக்கு 6.91, கம்பீர் 4.77. ஜெயிக்க ஓவருக்கு 5.5 தேவை.

"அப்ப கம்பீர் ஸ்லோவா?"ன்னாங்க. சேவாக் ரெண்டாவது பந்திலேயே அவுட், 31 ரன்னுக்குள்ள சச்சினும் போயாச்சு. அந்த நேரத்துல நின்னு ஆடினதை ஸ்டிரைக் ரேட் சொல்லாதுன்னேன்.

பிறகு கெத்து காட்டலாம்னு இந்தியா ரன் ரேட்டைக் கால்குலேட்டர்ல தட்டினேன். 48.2 ஓவர்ல 277.

```
277 / 48.2     = 5.75
277 * 6 / 290  = 5.73
```

முதல் வரி என்னுது. ஸ்கோர்கார்டுல 5.73. தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே! 48.2ன்னா 48 ஓவரும் 2 பந்தும், மொத்தம் 290 பந்து. அந்தப் புள்ளி தசமப்புள்ளி இல்லை. இன்ஜினியரிங் படிச்சு என்ன புண்ணியம்?

கடைசியா ஜாகீர் கான். 10 ஓவர், 60 ரன், எகானமி 6.00. "அடி வாங்கியிருக்காரே"ன்னாங்க. முதல் 5 ஓவர்ல 3 மெய்டன், வெறும் 6 ரன். அதாவது 1.2. அடுத்த 5 ஓவர்ல 54 ரன், அதாவது 10.8. ரெண்டையும் கலந்தா வர்றதுதான் அந்த 6.00.

இன்னொரு சின்ன விஷயம். பை, லெக் பை அணியோட ரன் ரேட்டுல சேரும், பவுலர் எகானமில சேராது. வைடும் நோ-பாலும் பவுலர் தலையிலதான். வைடை பேட்ஸ்மேன் ஆடின பந்தா எண்ண மாட்டாங்க, நோ-பாலை எண்ணுவாங்க.

எல்லாம் கேட்டுட்டு, "அப்ப பவுலருக்கும் ஸ்டிரைக் ரேட்னு போட்டிருக்கே, அது கம்மியா இருந்தா நல்லதாமே?"ன்னாங்க. அது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்துன்னு சொல்ல ஆரம்பிச்சேன், அதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிருச்சு.