‘ஹியர்பை’ எதைச் செய்கிறது?

கருத்தரங்கு ஒன்றுக்குச் சென்று திரும்பிய ஆய்வு மாணவர் ஒருவர் பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். பயணச் செலவு 8,400 ரூபாய், பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய் என்று முதல் பத்தியில் குறிப்பிடுகிறார். இரண்டாம் பத்தி ‘ஐ ஹியர்பை அட்டாச் தி பில்ஸ்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி ரிலீஸ் தி அஃபோர்செட் அமௌண்ட்’ என்று முடிகிறது. இந்தியக் கல்வி நிறுவனங்களில் இத்தகைய மடல் எவருக்கும் வியப்பளிக்காது. ஆயினும் இவ்விரு வாக்கியங்களிலும் இரு வேறு பிழைகள் உள்ளன.

முதலாவது ‘ஹியர்பை’. ‘இச்சொற்களாலேயே’ என்பது அதன் பொருள். சொல்வதே செயலாகிவிடும் வினைகளோடுதான் அது பொருந்தும். மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955ஆம் ஆண்டு ஹார்வர்டில் ஆற்றிய உரைகள், அவர் மறைந்த பின் 1962இல் நூலாக வெளிவந்தன. ஒரு கூற்று செய்தியை மட்டும் தெரிவிக்கிறதா, அல்லது செயலையே நிகழ்த்துகிறதா என்று அறிவதற்கு இச்சொல்லை ஓர் உரைகல்லாகப் பயன்படுத்தலாம் என்று அவர் அவற்றில் காட்டினார். ‘ஐ ஹியர்பை ரிசைன்’ என்று பதவி விலகலை எழுதலாம். விலகல் அச்சொற்களாலேயே நிகழ்கிறது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் வரும் ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ என்பதும் சரியே. உறுதிமொழி அவ்வாக்கியத்திலேயே அளிக்கப்படுகிறது.

கோப்பை இணைப்பது அத்தகையதன்று. அது விரலால் பொத்தானை அழுத்திச் செய்யும் வேலை. ‘ஹியர்பை அட்டாச்’ என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்க மறந்த மடல்களே இதற்குச் சான்று. சொல் இருக்கிறது, இணைப்பு இல்லை. ‘ஹியர்பை ரிசைன்’ என்று எழுதியவர் அவ்வாறு விலக மறந்துவிட முடியாது.

இணைப்புக்கு உரிய சொல் ‘ஹியர்வித்’. ‘இம்மடலுடன்’ என்பது அதன் பொருள். தமிழ் அலுவலக நடை இவ்வேறுபாட்டை இயல்பாகவே காத்து வருகிறது. ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்பது செவிக்கு இசைகிறது; ‘இதன்மூலம் இணைக்கப்பட்டுள்ளது’ என்பது உறுத்துகிறது. ஐயம் எழும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதே போதுமான சோதனை. எனினும், ‘அட்டாச்’ என்ற வினையிலேயே ‘உடன்’ என்னும் பொருள் அடங்கியிருப்பதால், ‘ஹியர்வித்’ இல்லாமலும் வாக்கியம் முழுமையாகவே இருக்கும். கோப்பு தனி மடலில் வரவிருந்தால் ‘ஹியர்வித்’ பொய்யாகவும் ஆகிவிடும்.

இரண்டாவது பிழையின் விளைவு இன்னும் நேரடியானது. ‘அஃபோர்செட்’ என்பது ‘மேற்சொன்ன’. மேலே சொன்னது ஒன்றே ஒன்றாக இருக்கும்போதுதான் அது குறி தவறாமல் சுட்டும். இம்மடலில் மேலே இரண்டு தொகைகள் உள்ளன. மாணவர் கேட்பது 8,400 ரூபாயா, 5,000 ரூபாயா, இரண்டும் சேர்ந்த 13,400 ரூபாயா? பதிவுக் கட்டணத்தை வேறொரு நல்கை ஏற்கெனவே ஈடுசெய்திருந்தால் விடை மாறும். விளக்கம் கேட்டு மடல் திரும்பி வரும், பணம் தாமதமாகும். துல்லியத்துக்காகச் சேர்த்த சொல் துல்லியத்தைக் கெடுத்துவிடுகிறது. சட்ட ஆவணங்களிலும் நிலை இதுவே. சட்ட மொழி குறித்து 1963இல் விரிவான நூல் எழுதிய டேவிட் மெலின்காஃப், இத்தகைய பழஞ்சொற்கள் தரும் துல்லியம் பெரும்பாலும் தோற்றமே என்று வாதிட்டார்.

இச்சொற்கள் மடலுக்குச் சட்ட வலிமை தருகின்றன என்ற நம்பிக்கையும் ஆய்வுக்கு நிற்பதில்லை. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையிலான வழக்கில், முறையான ஒப்பந்தம் கையொப்பமாகாத நிலையிலும், மின்னஞ்சல் பரிமாற்றத்தாலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. முன்மொழிவு இருந்ததா, ஏற்பு இருந்ததா என்பதே அங்கு கேள்வி. சாதாரணச் சொற்களில் எழுதிய ஏற்பும் ஏற்பே. எனவே அஞ்சவேண்டிய இடம் வேறு. ஊதியம் பற்றி மேலும் பேச எண்ணும் ஒருவர், பணிவாகத் தோன்றட்டும் என்று ‘ஐ ஹியர்பை அக்செப்ட்’ என எழுதினால், அவர் பணிவைக் காட்டவில்லை, ஏற்றுக்கொண்டுவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறலாமா என்று இதழாசிரியரிடம் கேட்க நினைத்து ‘ஹியர்பை வித்ட்ரா’ என்று எழுதுபவர், கேட்கவில்லை; திரும்பப் பெற்றுவிட்டார்.

‘ஹியர்பை ரிக்வெஸ்ட்’ இவற்றிலிருந்து சற்றே வேறுபட்டது. வேண்டுகோளும் சொல்லால் நிகழும் செயலாதலால் இலக்கணப்படி அதில் பிழையில்லை. ஆனால் ‘ரிக்வெஸ்ட்’ என்ற வினையே அவ்வேலையை முடித்துவிடுகிறது. முன்னே நிற்கும் சொல் எதையும் கூட்டுவதில்லை.

அந்த மாணவரின் இரண்டாம் பத்தி மூன்று எளிய செய்திகளில் அடங்கும்: பற்றுச்சீட்டுகள் இணைக்கப்பட்டுள்ளன, பதிவுக் கட்டணம் நல்கையிலிருந்து கிடைத்துவிட்டது, பயணச் செலவு 8,400 ரூபாயை வழங்க வேண்டுகிறேன். இதில் பழஞ்சொல் எதுவும் இல்லை. எந்தத் தொகை என்று நிதிப் பிரிவு கேட்பதற்கும் எதுவும் இல்லை.